பார்த்துவிட்டுப் போனவர்கள்

ஆள் எடுத்துக் கொடுக்கும் அலுவலகத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியும் என் வேலை என்ன என்று அப்பாவுக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குபவர். எங்கள் அலுவலகம் அதே எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கு மேல் இரண்டாவது மாடி. கீழே அவர் மூட்டை இறக்கிய தெருவில்தான் மேலே நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தேன்.

"நைனா, நீ வேல குடுக்கறவனா, வேல தேடறவனா?" என்பார்.

"கம்பெனிக்கு ஆள் தேடறவன்பா."

"அப்போ கம்பெனிக்காரனே தேட மாட்டானா? அவனுக்குக் கண்ணு தெரியாதா?"

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் மட்டும்தான். அதனால் நான் சொல்வது எதுவும் அங்கே பொய்யும் ஆகாது, முழுசாகப் புரியவும் புரியாது. நானும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

வேலை இதுதான். கம்பெனிகள் ஆள் வேண்டும் என்று கேட்பார்கள். நாங்கள் எங்கள் தளத்தில் விளம்பரம் போடுவோம். பார்க்க வருகிறவர் செல் நம்பர் கொடுத்து, ஓடிபி போட்டு, செய்தி அனுப்பச் சம்மதம் என்று டிக் செய்துவிட்டுத்தான் உள்ளே வர முடியும். யார் விண்ணப்பித்தார்கள் என்று ஒரு பட்டியல் எங்களுக்குத் தெரியும். யார் திறந்து பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமல் போனார்கள் என்று இன்னொரு பட்டியலும் தெரியும். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிட நீளம்.

அந்த மாதம் திருமழிசையில் ஒரு பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்குத் தரப் பரிசோதகர்கள் வேண்டியிருந்தது. அச்சிலிருந்து வரும் பாகங்களைக் கேஜ் வைத்து அளந்து, சரியில்லாததை ஒதுக்கும் வேலை. பகல் ஷிஃப்ட் இடங்கள் முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டன. மதியம் இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. நேர்முகத்துக்கு வருகிறேன் என்றவர்கள் வரவில்லை. வந்தவர்கள் சேரவில்லை. சேர்ந்த ஒருவர் மூன்றாம் நாள் போனை அணைத்துவிட்டார். நான் தினமும் நாற்பது ஐம்பது பேருக்குப் போன் போட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி, மாலையில் வீட்டில் அம்மா கேட்பதற்கும் அதே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் டீம் லீடர் ஆவடியிலிருந்து வருகிற அக்கா. இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். எதற்கும் அதிர்ச்சி அடைய மாட்டார். ஒரு சனிக்கிழமை காலை என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ளை பண்ணவங்கள விடு. அவங்கள நீ கசக்கிப் பிழிஞ்சாச்சு. பாத்துட்டுப் போனவங்களுக்கு ஒரு மெசேஜ் போடு. நீளமா கேக்காத. ஒரே ஒரு கேள்வின்னு சொல்லு."

வாட்ஸ்அப்பில் அலுவலகம் தானாக முதலில் அனுப்பும் செய்தி முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகமாக இருக்க வேண்டும். அக்கா எப்போதோ எழுதி அனுமதி வாங்கிவைத்த ஒன்று இருந்தது. வேலையின் பெயரை மட்டும் நான் நிரப்பினேன்.

'வணக்கம். எங்கள் தளத்தில் தரப் பரிசோதகர் வேலையைப் பார்த்தீர்கள், விண்ணப்பிக்கவில்லை. பரவாயில்லை. ஏதாவது தடுத்திருந்தால் அதை ஒரே ஒரு சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். பதில் சொல்கிறோம்.'

நல்ல வாசகம்தான். படிக்கும்போது எனக்கே யாரோ தோளில் கை வைத்த மாதிரி இருந்தது. மதியம் பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன். சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்குள் சில பதில்கள் வந்தன.

'கேன்டீன்ல அசைவம் உண்டா?'

'யார் நீங்க? என் நம்பர் எப்படி கிடைச்சுது?'

'முன்பணம் எவ்ளோ கட்டணும்? உண்மைய சொல்லுங்க.'

'வேலை வேணாம். உங்க ஆபீஸ்ல உக்காந்து மெசேஜ் அனுப்புற வேலை காலி இருக்கா?'

கடைசிச் செய்தியைப் பக்கத்து மேசை நண்பனிடம் காட்டினேன். எஸ்டேட் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவன். "குட்ரா மச்சான், உன் சீட்ட குட்து ரெண்டு நாள் தூங்கு. மூஞ்சியப் பாரு, வெளுத்துப் போன லுங்கி மாதிரி கீது" என்றான். எல்லாருக்கும் பதில் போட்டேன். அசைவம் புதன்கிழமை மட்டும், பணம் எதுவும் கட்ட வேண்டாம், நம்பர் நீங்கள் கொடுத்ததுதான். பிறகு அலுவலகத்தைப் பூட்டினோம்.

திங்கள் காலை வந்து பார்த்தால், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்த ஒரு பதில் இருந்தது.

'சார் வணக்கம். ப்ளஸ் டூ முடிச்சிட்டு மூணு வருஷம் கழிச்சுதான் காலேஜ் சேர்ந்தேன். நடுவுல வேலைக்குப் போனேன். வேலைக்குப் போனதையும் கேப்னு எடுத்துக்குவீங்களா?'

எனக்குக் கேள்வியே புரியவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் இடைவெளியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கேட்டவரின் கணக்கைத் திறந்தேன். ஒரு பெண். நெமிலிச்சேரி. வேதியியல் பட்டம். ஒரு மாதத்தில் அந்த விளம்பரத்தை ஒன்பது முறை திறந்திருந்தார். விளம்பரத்தை நானும் திறந்து கடைசி வரி வரை போனேன்.

'படிப்பில் இடைவெளி இருக்கக் கூடாது.'

அது எப்படி அங்கே வந்தது என்பது உடனே தெரிந்துவிட்டது. நாங்கள் யாரும் விளம்பரத்தைப் புதிதாக எழுதுவதில்லை. பழையதை நகல் எடுத்து, வேலையின் பெயர், ஊர், ஷிஃப்ட், சம்பளம் மாற்றிப் போடுவோம். ஒரு நாளைக்குப் பத்து விளம்பரம் போட வேண்டியிருக்கும்போது வேறு வழி கிடையாது. இதை நான் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் போட்டதிலிருந்து நகல் எடுத்திருந்தேன். மேலே எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். அடியில் அந்த வரி அப்படியே தங்கிவிட்டது.

எனக்கும் ப்ளஸ் டூவுக்குப் பின் ஒரு வருடம் இடைவெளி உண்டு. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருடம் அது. அவர் இடத்தில் நான் மூட்டை தூக்கினேன். பட்டம் வாங்கிய பிறகு ஒரு நேர்முகத்தில் ஒருவர் என் பயோடேட்டாவை எடுத்து, அந்த ஒரு வருடத்தின் மேல் பேனாவைத் தட்டி, "இங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றார். சொன்னேன். பயோடேட்டாவை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அந்த வரியைப் பார்த்த எந்த விளம்பரத்துக்கும் அதற்குப் பின் நான் விண்ணப்பித்ததில்லை. அதே வரியைத்தான் நான் ஒரு மாதமாகத் தொங்கவிட்டிருந்தேன்.

தொழிற்சாலையின் எச்.ஆர். சாருக்குப் போன் போட்டேன்.

"கேப்பா? எவன் சொன்னான்? எட்டு மணி நேரம் நிக்கணும், கண்ணு நல்லா தெரியணும், கேஜ் படிக்கணும். எனக்கு இது போதும் தம்பி. அந்த லைன நீங்களா போட்டீங்க?"

"தவறுதலா வந்திருச்சு சார்."

"நல்லா வந்துச்சு போங்க. நாளைக்கு வாக்-இன்தான் கடைசி. ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு ரெண்டு சீட். அதுக்கப்புறம் வேற ஏஜென்சிகிட்ட குடுத்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

அந்த வரியை அழித்தேன். அந்தப் பெண்ணுக்கு நாளைக்கே வரச் சொல்ல வேண்டும். பதில் அடிக்கப் போனால் கட்டம் பூட்டிக் கிடந்தது. அவர்கள் செய்தி வந்து இருபத்துநான்கு மணி நேரம் வரைதான் நாம் விருப்பப்படி எழுத முடியும். அதன் பிறகு மறுபடி அனுமதி வாங்கிய வாசகம் மட்டும்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கிய நேரத்தில் அவருடைய இருபத்துநான்கு மணி நேரம் முடிந்துவிட்டது.

போன் போட்டேன். அலுவலக எண்ணிலிருந்து போனால் பலர் செல்லில் 'மோசடியாக இருக்கலாம்' என்று சிவப்பில் வரும். எத்தனை பேர் எங்களைப் புகார் செய்திருக்கிறார்களோ. நான்கு முறை அடித்தது, எடுக்கவில்லை. என் சொந்த எண்ணிலிருந்து இரண்டு முறை. அதுவும் இல்லை.

அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீயை ஒரு வாய் குடித்தார்.

"அதே மெசேஜ இன்னொரு தடவ அனுப்பு."

"ஏற்கெனவே கேள்வி கேட்டவங்ககிட்ட மறுபடி கேள்வி கேளுங்கன்னா திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். திட்டினா பூட்டு தொறந்துடும்ல?"

பன்னிரண்டு மணிக்கு அனுப்பினேன். 'பரவாயில்லை. ஏதாவது தடுத்திருந்தால்...' என்று அதே கனிவோடு போனது. ஒன்றேகாலுக்குப் பதில் வந்தது.

'கேட்டுட்டேன் சார். சனிக்கிழமையே கேட்டேன். மேல பாருங்க. நீங்க ஆளா மிஷினா?'

நான் அடிக்கத் தொடங்கியபோது அக்கா நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்தார். "தப்பா போட்டுட்டோம்னு எழுதாத. ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கயாவது போட்டா கிளையன்ட் நம்மளத்தான் கேப்பான். நிபந்தனை தளர்த்தப்பட்டதுன்னு போடு. பொய்யில்ல. இப்ப அது இல்லையில்ல?"

பொய் இல்லைதான். அப்படியே எழுதினேன். 'ஆள்தான். தாமதத்துக்கு மன்னிக்கவும். இடைவெளி நிபந்தனை தளர்த்தப்பட்டது. நாளை காலை பத்து மணிக்கு நேரில் வரலாம்.' இடம், என் எண், மதிய ஷிஃப்ட் என்ற விவரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் எல்லாம் சேர்த்து அனுப்பினேன்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

'எனக்காகவா சார்? நான் கேட்டதுக்காகவா மாத்தினீங்க? ரொம்ப தேங்க்ஸ் சார். இப்ப வேலை செய்யற யூனிட்ல செல்போன பொட்டில போட்டுடணும், சாப்பாட்டு நேரத்துலதான் தருவாங்க, அதான் எடுக்கல. நாளைக்கு லீவு சொல்லிட்டேன். திருப்பி அனுப்பிட மாட்டீங்களே? லீவு போட்டா இங்க திரும்பச் சேத்துக்க மாட்டாங்க.'

'மாட்டோம்' என்று அடித்தேன். அன்று மாலை வரை வேறு யாருக்கும் போன் போட எனக்கு மனம் வரவில்லை. போட்டேன், ஆனால் யாராவது எடுத்துவிட்டால் என்ன சொல்வது என்று பயமாக இருந்தது.

வாக்-இன் நாளில் எங்களில் ஒருவர் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும். வருகிறவர் பெயரை டிக் செய்து, சான்றிதழ் நகல்களை வரிசையாக வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். பூந்தமல்லியில் பஸ் மாறி ஒன்பது மணிக்கே நெடுஞ்சாலையில் இறங்கி உள்ளே நடந்தேன். ஒரு பக்கம் எஸ்டேட் சுவர், இன்னொரு பக்கம் தண்ணீர் தேங்கிய வயல். வருகிறேன் என்று சொன்ன ஏழு பேரில் மூன்று பேர் வந்தார்கள். அந்தப் பெண் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் ஆவடி வந்து, அங்கிருந்து பூந்தமல்லி, பிறகு இன்னொரு பஸ். பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானே சார் மெசேஜ் பண்ணது? மிஷினான்னு கேட்டுட்டேன். கோச்சிக்காதீங்க."

"இல்லங்க."

"வீட்ல எல்லாருக்கும் காட்டினேன் சார். என் தம்பி நம்பல. இவ கேட்டாளாம், கம்பெனி ரூலையே மாத்திட்டானாம்னு சிரிக்கிறான். எங்கம்மாதான் இன்னிக்கு வாசல் வரைக்கும் வந்து அனுப்புனாங்க."

அவர் சொல்லச் சொல்ல நான் கையில் இருந்த நகல்களைச் சரி செய்துகொண்டே இருந்தேன். அவர் உள்ளே போய்விட்டு வந்த பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, உள்ளே எச்.ஆர். சார் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார், அவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது என்று தோன்றியது. அதற்கும் மேலே, அந்த நன்றியை இன்னொரு மணி நேரம் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"அந்த ரூல் கம்பெனியோடது இல்லங்க. அவங்க கேக்கவே இல்ல. வேற விளம்பரத்துல இருந்து நான் காப்பி பண்ணப்போ அந்த லைன் வந்திருச்சு. என் தப்பு. நேத்து தளர்த்தினோம்னு எழுதினது சரியில்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ போன மாசமே வந்திருக்கலாமா?"

"ஆமாங்க."

"போன மாசம் பகல் ஷிஃப்ட்டுன்னு போட்டிருந்தீங்களே. அது?"

"முதல் வாரத்துலயே முடிஞ்சிருச்சு."

"முத நாளே பாத்தேன் சார் நான். மத்தியானம் சாப்பாட்டு டயத்துல பாத்தேன். எல்லாம் சரியா இருந்துது, கடைசி லைன் வரைக்கும். அப்புறம் அந்த லைன் போயிருக்குமான்னு அடிக்கடி தொறந்து பாத்துகினு இருந்தேன்." கவரை இன்னொரு கைக்கு மாற்றினார். "ரெண்டு மணி ஷிஃப்ட்டு முடிஞ்சு வீட்டுக்குப் போறதுக்குள்ள என் பொண்ணு தூங்கிடுவா. அவளுக்கு நாலு வயசு."

மன்னிப்புக் கேட்டேன். அவர் கவரிலிருந்து சான்றிதழ்களை எடுத்து என்னிடம் நீட்டினார். "வரிசைப்படி இருக்கான்னு பாருங்க. உள்ள கூப்பிடப் போறாங்க."

உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆனது. எச்.ஆர். சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பத்து பாகங்களைக் கொடுத்து அளக்கச் சொன்னார்களாம். ஒதுக்க வேண்டியதை எல்லாம் சரியாக ஒதுக்கியிருக்கிறார். போதாததற்கு, அவர்கள் சரி என்று வைத்திருந்த ஒன்றையும் ஓரத்தில் பிசிறு இருக்கிறது என்று எடுத்து வைத்துவிட்டாராம். சூப்பர்வைசர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாராம்.

"இவங்கள எங்கயா ஒளிச்சு வெச்சிருந்தீங்க இவ்ளோ நாளா?" என்றார் எச்.ஆர். சார், சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

பகல் ஷிஃப்ட் உண்டா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். யாராவது விலகினால் பார்க்கலாம் என்றார். அந்தப் பெண்ணை முதலில் வைப்பதாக ஒரு மெயில் போட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். "மெயிலா? வாயால சொன்னா பத்தாதா?" என்றார். பத்தாது சார் என்றேன். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு அப்படிப் பேச வந்தது. முனகிக்கொண்டே இரண்டு வரி மெயில் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மதிய ஷிஃப்ட்டில் சேர அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார்; இன்னொரு இடத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நானும் அந்தப் பெண்ணும் நெடுஞ்சாலைக்கு நடந்தோம். லாரிகள் போன தூசியில் துப்பட்டாவை மூக்கோடு பிடித்துக்கொண்டு நின்றார். மெயிலை அவருக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். திறந்து படித்தார். தலையை ஆட்டினார்.

"என்ன மாதிரி இன்னும் எத்தன பேர் சார்?"

"எப்படிங்க?"

"அந்த லைன பாத்துட்டுப் போனவங்க."

எண்ணிக்கை எனக்குத் தெரியும். முந்தின நாள் எடுத்துப் பார்த்திருந்தேன். "எதுக்காகப் போனாங்கன்னு தெரியாதுங்க. சிலருக்குத் தூரம், சிலருக்கு ஷிஃப்ட்டு..."

"கேள்வி கேட்டது நான் ஒருத்திதானா?"

"அதப் பத்தி நீங்க ஒருத்தர்தான்."

"அவங்களுக்குச் சொல்லிடுங்க."

"இப்ப இடம் இல்லங்களே. சொல்லி என்ன?"

"இடம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அந்த ரூல் பொய்யின்னும் சொல்லுங்க. நான் படிச்சது லேட்டு, அதனாலதான் கிடைக்கலன்னு எத்தன பேர் நெனச்சிகினு இருக்காங்களோ." பூந்தமல்லி பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "மிஷின்னா கூடப் பரவால்ல சார். அது காப்பி பண்ணா தப்பு அதோடதுன்னு விட்டுடலாம்" என்றார். நான் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

மறுநாள் புதிய வாசகம் ஒன்றை எழுதி அனுமதிக்கு அனுப்புவதற்காக அக்காவிடம் காட்டினேன். 'நீங்கள் பார்த்த தரப் பரிசோதகர் விளம்பரத்தில் படிப்பில் இடைவெளி கூடாது என்று இருந்தது. அப்படி ஒரு நிபந்தனை அந்த வேலைக்குக் கிடையாது. அது எங்கள் தவறு. இப்போது இடங்கள் நிரம்பிவிட்டன. மன்னிக்கவும்.'

அக்கா இரண்டு முறை படித்தார்.

"இதனால ஒரு ஜாயினிங்காவது வருமா?"

"வராதுக்கா."

"திட்டு வருமா?"

"வரும்."

"கிளையன்ட்டு பேரு இல்ல. சரி." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் என்னைப் போலவே அலுப்பு இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. "மத்தியானம் சாப்பாட்டு டயத்துல அனுப்பு. பாதிப் பேருக்கு அப்பதான் போன் கைல இருக்கும். வர்ற திட்டுக்கு நீயே பதில் போடு. என்கிட்ட கொண்டு வராத."

அனுமதி வர ஒரு நாள் ஆனது. ஒரு மணிக்கு அனுப்பினேன். நீல டிக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பலரும் படித்துவிட்டுப் பேசாமல் போனார்கள். நான்கு பேர் திட்டினார்கள். ஒருவர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாக எழுதினார். 'எனக்கு ஆறு வருஷம் கேப். அடுத்த தடவ சொல்லுங்க' என்று ஒருவர் எழுதினார். பூட்டு விழுவதற்கு இன்னும் இருபத்துநான்கு மணி நேரம் இருந்தது. அவருக்கு உடனே போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.